சத்திரத்தானுக்கும் ஒரு பிரசங்கம் வேண்டும்: குமரி மாவட்டத்துப் போதகர்களுக்கும் அருள்பணியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய ஆயர்களே, அருள்தந்தையரே, பிரசங்க பீடத்தில் நின்று எங்களிடம் பேசும் சகோதர சகோதரிகளே,

உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் ஸ்தோத்திரமும். நான் 33 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். தக்கலைப் பக்கத்தில் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவள். பணியிலிருந்த காலத்தில் ஆண்வார்டு, பெண்வார்டு, எலும்பு முறிவு வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு என எல்லா இடத்திலும் நின்றிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு, படுக்கையில் கிடந்த என் மாமியாரை நான்கு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்தேன். இந்த இரண்டு அனுபவத்தின் பேரிலும்தான் இந்த மடலை எழுதத் துணிகிறேன்.

கத்தோலிக்கப் பங்குகளில் பிப்ரவரி 11ஆம் தேதி உலக நோயாளர் நாளையொட்டியும், எங்கள் சபைகளில் மே 12ஆம் தேதி செவிலியர் நாளையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையிலும், லூக்கா 10ஆம் அதிகாரத்திலுள்ள நல்ல சமாரியன் கதை வாசிக்கப்படுவதையும், அதன்மேல் பிரசங்கம் செய்யப்படுவதையும் நான் இருபது தடவைக்குக் குறையாமல் கேட்டிருக்கிறேன். அந்த ஆராதனைகளின் முடிவில் எங்களை முன்னால் வரச் சொல்லி, பொன்னாடை போர்த்தி, ஒரு ரோஜாப்பூவைக் கையில் தந்து, "நீங்களே இந்தக் காலத்தின் நல்ல சமாரியர்கள்" என்று சொல்வீர்கள். சபையார் கைதட்டுவார்கள். அதில் அன்பு இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதையில் எங்களுக்கென்று ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்தை விட்டுவிட்டு, வேறொருவருடைய இடத்தில் எங்களை நிறுத்துகிறீர்கள். அதனால் எங்களுக்கு வர வேண்டிய ஆறுதலும் வராமல் போகிறது, சபைக்குப் போய்ச் சேர வேண்டிய கட்டளையும் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது. இதைத்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சமாரியன் என்ன செய்தான் என்பதை, ஒரு செவிலியர் நோயாளியின் அட்டையை வாசிப்பதுபோல, ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதை ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளமுள்ளது. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரையுள்ள தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பாதை ஏறத்தாழ 1000 மீட்டர் இறக்கத்தில் இறங்குகிறது. ஆள் நடமாட்டமில்லாத அந்த இறக்கத்தில் ஒரே ஒரு மனிதன் குற்றுயிராகக் கிடக்கிறான். சமாரியன் அவனைக் கண்டு மனதுருகுகிறான், கிட்ட வருகிறான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான், அந்த இரவு அவனைப் பராமரிக்கிறான். மறுநாள் காலையில் புறப்பட்டுப் போகிறான்.

அவன் போய்விட்டான் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. அவனுக்குப் பயணம் இருந்தது, வேலை இருந்தது. ஆனால் எங்களைச் சமாரியன் என்று அழைக்கும்போது நீங்கள் மறந்துவிடுவது இதுதான்: அவன் பார்த்தது ஒரே ஒரு நோயாளியை, அதுவும் ஒரே ஓர் இரவு. மறுநாள் இரவு அந்த மனிதனுக்குக் காய்ச்சல் வந்திருந்தால் ஈரத்துணியை நெற்றியில் போட்டது யார்? காயத்தில் சீழ் கோத்திருந்தால் கட்டை அவிழ்த்துக் கழுவியது யார்? எழுந்து நடக்க முடியாதவன் மலஜலம் கழித்தபோது துடைத்துவிட்டது யார்? கதை அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்ய வேண்டியவன் யார் என்று சொல்கிறது. சத்திரத்தான். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் அவர் பெயர் சாவடிப் பொறுப்பாளர்.

இருபது பிரசங்கங்களில் ஒன்றில்கூட இந்த மனிதனைப் பற்றி இரண்டு நிமிடத்துக்கு மேல் நான் கேட்டதில்லை. பண்டைய திருச்சபைப் பிதாக்கள் அவனை விட்டுவிடவில்லை. அகுஸ்தீன் இந்தக் கதையை உருவகமாக விளக்கியபோது, சத்திரம் என்பது திருச்சபை, சத்திரத்தான் என்பவர் அப்போஸ்தலனாகிய பவுல் என்று சொன்னார். உருவகமாக விளக்குவது எனக்கு அவ்வளவாக ஒப்பாது. அப்படி விளக்கும்போது காயம்பட்டவனின் உடம்பும், எண்ணெயும், கட்டும் மறைந்து, எல்லாமே ஆத்தும காரியமாகிவிடுகிறது. ஆனாலும் அந்தச் சத்திரத்தானுக்கு ஒரு முகம் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் செவ்வாய்க்கிழமை வேதபாட வகுப்பு நடத்திவந்தார். கிரேக்கம் படித்தவர். அவரிடம் ஒருநாள், "ஐயா, இந்தச் சத்திரத்தானுக்கு மூலத்தில் என்ன பெயர்?" என்று கேட்டேன். அவர் தம் பழைய புத்தகத்தைப் பிரித்து, "பந்தோகெயூஸ் என்று இருக்கிறது மக்களே. எல்லாரையும் ஏற்றுக்கொள்பவன் என்று அர்த்தம்" என்றார். நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். வார்டுக்கு வருகிறவர்களை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. குடித்துவிட்டு விழுந்தவரும் வருவார், அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் வருவார்கள், எங்களை வாய்க்கு வந்தபடி ஏசுகிறவரும் வருவார். வழியில் போகிறவன் யாரைத் தூக்குவது என்று யோசிக்கலாம். சத்திரத்தானுக்கு அந்த வசதி கிடையாது. எங்கள் வேலைக்கு இதைவிடச் சரியான பெயரை நான் கேட்டதில்லை.

அன்று அவர் இன்னொன்றும் காட்டினார். 34ஆம் வசனத்தில் சமாரியன் காயம்பட்டவனைப் "பராமரித்தான்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. 35ஆம் வசனத்தில் அவன் சத்திரத்தானிடம், "நீ இவனை விசாரித்துக்கொள்" என்கிறான். தமிழில் இரண்டு வெவ்வேறு சொற்கள். அதனால் சமாரியன் செய்தது பெரிய காரியம் என்றும், சத்திரத்தான் செய்தது ஏதோ மேற்பார்வை என்றும் வாசிக்கிறவர் காதில் விழுகிறது. மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான் இருக்கிறதாம். திருவிவிலியம் அதைக் காப்பாற்றியிருக்கிறது: அங்கே சமாரியர் அவரைக் "கவனித்துக்கொண்டார்", பொறுப்பாளரிடமும் "கவனித்துக்கொள்ளும்" என்றே சொல்கிறார். தான் செய்த அதே வேலையை, அதே பெயரில், அவன் அடுத்தவர் கையில் ஒப்படைக்கிறான். கூலி வாங்கிக்கொண்டு செய்வதால் அது தாழ்ந்த வேலையாகிவிடவில்லை.

இந்த வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் வேறு ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அது உங்களைப் பற்றியது. 1 தீமோத்தேயு 3:5இல், தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி "விசாரிப்பான்" என்று பவுல் கேட்கிறாரே, அந்த விசாரிப்பும் இதே சொல்தான். உங்கள் ஊழியத்துக்கும் எங்கள் ஊழியத்துக்கும் வேதம் ஒரே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறது என்பதை உங்களில் எத்தனை பேர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? பொன்னாடையைவிட அது பெரிது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். பிரசங்கங்களில் அது கேட்கக் கூச்சமான விஷயம்போல விரைவாகக் கடக்கப்படுகிறது. சமாரியன் "இரண்டு பணத்தை" எடுத்துச் சத்திரத்தான் கையில் கொடுக்கிறான். அந்தப் பணம் தெனாரியம் என்னும் வெள்ளிக்காசு. மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்து வேலையாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி பேசப்படுகிறது. ஆகவே சத்திரத்தானுக்கு முன்கூட்டியே கிடைத்தது ஓர் ஆளின் இரண்டு நாள் கூலி. அதற்குமேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற வாக்கும் கூடவே கிடைத்தது. கள்ளர் அந்த மனிதனின் வஸ்திரத்தைக்கூட உரிந்துகொண்டு போயிருந்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அவனிடம் ஒரு காசும் இல்லை. பணமும் வாக்கும் இல்லாமல் சமாரியன் கிளம்பியிருந்தால், இரண்டொரு நாளில் சத்திரத்தான் அவனை வெளியே கிடத்துவதைத் தவிர வழியில்லாமல் போயிருக்கலாம். அல்லது தன் பிள்ளைகளின் சாப்பாட்டில் கைவைத்து அவனைக் காப்பாற்றியிருக்க வேண்டும். சமாரியன் இந்த இரண்டையும் வரவிடவில்லை. நீயும் என்னைப் போல இலவசமாகச் செய் என்று அவன் சத்திரத்தானுக்குப் பிரசங்கம் செய்யவில்லை.

ஆனால் நம் பிரசங்கங்களில் "பலனை எதிர்பாராத சேவை" என்ற சொல் எங்களைப் பார்த்துச் சொல்லப்படும்போது, மூன்று மாதச் சம்பளம் பாக்கி நிற்கும் ஓர் இளம் செவிலியர் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் அப்படி ஓர் இடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். எங்கே என்று சொல்வது என் நோக்கமில்லை. அந்த நாட்களில் சம்பளத்தைக் கேட்பதே விசுவாசக் குறைவுபோல எனக்குத் தோன்றச் செய்தது வேறெதுவுமில்லை, இந்தக் கதையின்மேல் கேட்ட பிரசங்கங்கள்தான். 35ஆம் வசனத்தை யாராவது நிறுத்தி வாசித்திருந்தால் எனக்கு அந்தக் குற்ற உணர்ச்சி வந்திருக்காது.

அந்த ஒப்படைப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் தொழிலின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது, நான் தவறு செய்ததும் அங்கேதான்.

பல ஆண்டுகளுக்கு முன், எலும்பு முறிவு வார்டில் இரவுப் பணியில் இருந்தேன். 34 நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டு பேர். 12ஆம் படுக்கையில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்தார். இடது காலில் பட்டை சுற்றி, கட்டில் ஓரத்தில் எடை தொங்கவிட்டு, டிராக்ஷன் போட்டிருந்தோம். விடியற்காலை நான்கு மணியிருக்கும், "மக்களே, காலு எரியுது" என்றார். டார்ச் அடித்துக் குதிகாலைப் பார்த்தேன். நம்மைப் போன்ற நிறமுள்ள தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அதனால் கண்ணை மட்டும் நம்பக்கூடாது, கையால் பார்க்க வேண்டும். இடது குதிகால் வலது குதிகாலைவிடச் சூடாக இருந்தது. தொட்டால் பிசைந்த மாவுபோல அமுங்கியது. விரலால் சில விநாடி அழுத்திவிட்டு எடுத்தேன். நல்ல தோலாக இருந்தால் அழுத்திய இடம் வெளிறி, பிறகு பழைய நிறத்துக்குத் திரும்பும். இங்கே வெளிறவே இல்லை. அழுத்தத்தால் அடியிலுள்ள சதை கெடத் தொடங்கியிருக்கிறது, படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி. இந்த நிலையில் பிடித்துவிட்டால், அழுத்தத்தை நீக்குவதொன்றே பெரும்பாலும் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணையை நீளவாக்கில் வைத்து, குதிகால் படுக்கையில் படாமல் காற்றில் நிற்கும்படி செய்தேன். பாட்டி தூங்கிவிட்டார்.

காலை ஏழு மணிக்கு டியூட்டி மாற்றினோம். "12ஆம் படுக்கை, இடுப்பெலும்பு முறிவு, டிராக்ஷன், வலிக்கு ஊசி ஐந்து மணிக்குப் போட்டாச்சு, ஆபரேஷன் வியாழக்கிழமை" என்றேன். சொன்னது அத்தனையும் சரி. குதிகாலைச் சொல்லவில்லை. ரிப்போர்ட் புத்தகத்திலும் எழுதவில்லை. 7.20 பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன். காலைப் பணிக்கு வந்தவர்கள் படுக்கைவிரிப்பு மாற்றும்போது, அந்தத் தலையணை ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைத் தலைமாட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் தவறு சொல்ல முடியாது. இரவுப் பணி முடிந்த விடுப்புக்குப் பிறகு நான் திரும்பி வந்தபோது குதிகால் கருநீலமாகிக் கொப்புளம் கட்டியிருந்தது. அந்தப் புண் ஆற ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. இடுப்பு சரியான பிறகும் புண்ணால் பாட்டி காலை ஊன்ற முடியாமல் கிடந்தார்.

அந்த இரவில் நான் சமாரியனாக இருந்தேன். கண்டேன், மனதுருகினேன், கிட்டப் போனேன், செய்ய வேண்டியதைச் செய்தேன். எனக்கு இல்லாமல் போனது 35ஆம் வசனம். சமாரியன் புறப்படும்போது சத்திரத்தானைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, "இவனை" என்று ஆளைச் சுட்டி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி, அதற்கு வேண்டியதைக் கையில் கொடுத்து, மேலும் தேவைப்பட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போகிறான். எங்கள் பயிற்சிப் பள்ளியில் டியூட்டி மாற்றும்போது சொல்லிக்கொடுத்த முறையும் ஏறக்குறைய இதுதான்: நோயாளி யார், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார், அடுத்து எதைக் கவனிக்க வேண்டும், நிலை மாறினால் யாரைக் கூப்பிட வேண்டும். ஓர் ஆளின் அன்பு அவருடைய டியூட்டி நேரத்தோடு முடிந்துவிடாமல் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்வதற்கு இதைவிட வேறு வழி இல்லை. செவிலியருக்கான பிரசங்கத்தில் இதைச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு, கால் கடுக்க நின்றுகொண்டு, ஒரு குதிகாலைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுதுவது ஆராதனையின் ஒரு பகுதி என்று யாராவது எனக்கு அந்த நாளில் சொல்லியிருந்தால், நான் அடுத்த பேருந்தில் போயிருப்பேன்.

சமாரியனுக்கு முன்னால் அதே வழியில் வந்து, காயம்பட்டவனைக் கண்டும் கடந்துபோன ஆசாரியனையும் லேவியனையும் பற்றி ஒரு வார்த்தை. "பக்கமாய் விலகிப்போனான்" என்ற வரியை நீங்கள் அழுத்திச் சொல்லி, "நீங்கள் யாரையாவது விலகிப் போயிருக்கிறீர்களா?" என்று எங்களைக் கேட்பதுண்டு. ஆயர் ஐயா, தினமும் விலகித்தான் போகிறோம். 7ஆம் படுக்கையில் ஒருவர் தண்ணீர் கேட்பார். 19ஆம் படுக்கையில் ஒருவர் மூச்சுத் திணறுவார். தண்ணீர் கேட்டவரைப் பார்த்தும் பார்க்காததுபோல ஓடுவோம். திரும்பி வரும்போது அரைமணி நேரம் ஆகியிருக்கும், சில சமயம் அவர் கேட்டது மறந்தே போயிருக்கும். இரவில் வீட்டுக்குப் போய்ப் படுத்தபிறகு அந்த முகம் வரும். ஆசாரியன் முன்னால் வெறும் பாதையும் ஒரே ஒரு மனிதனும் இருந்தார்கள். 34 பேரில் யாரிடம் முதலில் போவது என்ற கேள்விக்கு இந்தக் கதை பதில் சொல்ல முயலவே இல்லை. ஆகையால் கதையில் இல்லாத தீர்ப்பை அதிலிருந்து எடுத்து எங்கள்மேல் போடாதீர்கள். வார்டில் இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரை நிறுத்துகிற நிர்வாகிகளும் உங்கள் சபைகளில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டால் பொருத்தமாக இருக்கும்.

"நீயும் போய் அந்தப்படியே செய்" என்று இயேசு சொன்னது யாரிடம்? இரவெல்லாம் விழித்திருந்த ஒருவரிடம் அல்ல. தனக்குப் பிறன் யார் என்று விவாதிக்க நேரமிருந்த ஒரு நியாயசாஸ்திரியிடம். அந்த வரியைச் சபையைப் பார்த்துச் சொல்லுங்கள். கூட்டிக்கொண்டு வா, பணம் கொடு, திரும்பி வா என்ற மூன்றும் சபைக்குரிய கட்டளைகள்.

இதில் திரும்பி வருதல்தான் நம்மிடம் மிகவும் குறைவாக இருக்கிறது. இதை என் மாமியாரைப் பார்த்த நான்கு ஆண்டுகளில் அறிந்தேன். பக்கவாதத்தால் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. முதல் மாதத்தில் வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். ஆப்பிளும் ஆர்லிக்ஸும் மேசையில் குவிந்தன. மூன்றாம் மாதத்தில் ஆயர் மட்டும் வந்தார், பத்து நிமிடம் ஜெபித்தார், "கர்த்தர் உங்களுக்குப் பெலன் தருவார் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்கு 300 குடும்பங்கள். எனக்கு அன்று தேவைப்பட்டதை அவரிடம் கேட்கத் தெரியாமல் போயிற்று. இரண்டு மணிக்கொருமுறை மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் அரைமணி நேரமாவது இறக்கக்கூடாது. இறக்கினால் கஞ்சி மேலேறி நெஞ்சுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. இதையெல்லாம் தெரிந்த ஒருவர், வாரத்தில் ஒருநாள், மூன்று மணிநேரம் வந்து உட்கார்ந்திருந்தால், நான் என் பல்வலிக்கு மருத்துவரிடம் போயிருப்பேன், அல்லது கதவைச் சாத்திவிட்டுத் தூங்கியிருப்பேன். பல்லை நான் கடைசியில் பிடுங்க வேண்டியதாயிற்று.

நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பிற மாநிலங்களிலும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். வயதான மனைவி இன்னும் வயதான கணவரைத் தூக்கிப் புரட்டிக்கொண்டிருக்கிறார், அல்லது ஹோம் நர்ஸ் என்ற பெயரில் ஒரு பயிற்சியும் இல்லாத ஓர் இளம்பெண் 24 மணிநேரமும் அந்த வீட்டில் அடைந்து கிடக்கிறாள். இவர்களும் சத்திரத்தான்கள்தான். அவர்களுக்கு இரண்டு பணமும் கிடைக்கவில்லை, திரும்பி வருகிறேன் என்ற வாக்கும் கிடைக்கவில்லை. அங்கே நின்று அன்பு செலுத்துங்கள் என்று பிரசங்கித்தால், ஏற்கெனவே அன்பால் இற்றுப்போனவர்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகிவிடும்.

அதனால் நான் கேட்பது இதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களை முன்னால் அழைப்பதற்குப் பதிலாக, சபையில் ஓய்வாக இருக்கும் ஆண்களையும் பெண்களையும் பார்த்து, சபை எல்லைக்குள் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு வாரம் மூன்று மணிநேரம் யார் போக முடியும் என்று கேளுங்கள். பெயர் எழுத ஒரு நோட்டைப் பலிபீடத்தின் முன் வையுங்கள். எழுதியவர்களுக்குப் புரட்டிப் படுக்க வைப்பது, குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் தொட்டுப் பார்ப்பது, குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலையை உயர்த்தி வைப்பது ஆகியவற்றைச் சொல்லித்தர, என்னைப் போல ஓய்வுபெற்ற செவிலியர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறோம். இரண்டு சனிக்கிழமை போதும். குழாய் போடுவது, மாற்றுவது, புண் கட்டுவது ஆகிய வேலைகளை அவர்கள் தொடக்கூடாது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுவோம். சம்பளம் வாங்கும் ஹோம் நர்ஸ் இருக்கும் வீட்டில் அவளுக்கும் அந்த மூன்று மணிநேரம் ஓய்வாகக் கிடைக்க வேண்டும் என்பதை வீட்டாரிடம் நீங்கள்தான் சொல்ல முடியும்.

நெய்யூரில் 1838இல் தொடங்கிய மருத்துவ ஊழியத்தையும், எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்து பிறகு அங்கே அறுவை மருத்துவராக உழைத்த டாக்டர் சாமர்வெல்லையும் நம் பிரசங்கங்கள் நன்றியோடு நினைவுகூர்கின்றன. நினைவுகூர வேண்டியதுதான். அவர் கத்தியைக் கீழே வைத்த பிறகு அந்த நோயாளிகளின் அருகில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள் நம் ஊர்ப் பெண்களும் ஆண்களும். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது, லூக்கா சத்திரத்தானின் பெயரைச் சொல்லாததுபோலவே. அடுத்த தடவை அந்த மருத்துவரைச் சொல்லும்போது அவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சிறிய காரியம். இரவுப் பணி முடிந்து நேரே ஆலயத்துக்கு வருகிறவர்கள் எட்டு மணிக்குத்தான் வந்து சேர முடியும். முதல் ஆராதனை அப்போது பாதி முடிந்திருக்கும். நுழையும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பதற்குக் கூச்சப்பட்டே பலர் வராமல் நின்றுவிடுகிறார்கள். வாசலை ஒட்டிய கடைசி இரண்டு பெஞ்சுகளை அவர்களுக்கென்று விட்டுவைக்கும்படி கோயில்குட்டியிடம் சொல்லிவையுங்கள். பிரசங்கத்தின்போது அவர்களில் யாராவது தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
சத்திரத்தில் 33 ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு செவிலியர்,
தக்கலை வட்டாரம்